ஒரு நட்சத்திரமும் ஒரு பூசணிக்காயும்

என் வீட்டுக்காரர் சாப்பாட்டில் உப்பு குறைந்தால் மட்டும் வாய் திறப்பவர். நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். அந்த மௌனத்தைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன், வேறு என்ன செய்வது? ஆகவே மாடியில் இருக்கும் ஐந்து அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடலாம் என்று அவர் ஓய்வு பெற்ற பிறகு பேச்சு வந்தபோது, காலை டிபனும் நாமே கொடுக்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். சம்பளம் வாங்காத சமையல்காரிக்கு நாலு பேர் நல்ல வார்த்தையாவது சொல்லட்டுமே என்ற ஆசை.

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்தில் இருக்கிறது. ஆசிரமத்துக்கு நடந்தே போகலாம். அதே சந்தில் எங்களைப் போல அறை விடுபவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. தெருவில் நின்று கூப்பிட்டு ஆள் பிடிக்கிற காலம் போய்விட்டது. வருகிறவர்கள் எல்லோரும் போனில் மேப்பைத் திறந்து, நட்சத்திரத்தைப் பார்த்து, அதற்கப்புறம்தான் நம் முகத்தைப் பார்க்கிறார்கள்.

இந்த நட்சத்திர விவகாரத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன். எங்கள் இடத்தை மேப்பில் ஏற்றியதும் அவன்தான், ஏற்றிய நாளிலிருந்து அலுத்துக்கொண்டதும் அவன்தான். அவனுக்கு இந்த வயதில் நாங்கள் படி ஏறி இறங்குவது பிடிக்கவில்லை. அந்த வருஷம் ஐப்பசியில் வந்தபோது கறாராகச் சொல்லிவிட்டான். மார்கழிக்கும் அறைகள் காலியாகக் கிடந்தால், தை பிறந்ததும் மாடியை டியூஷன் சென்டருக்கு விட்டுவிட வேண்டும். அவர் தலையாட்டினார். நான் ஆட்டவில்லை. டியூஷன் பிள்ளைகள் என் தக்காளித் தொக்கைக் கேட்டு வாங்கிச் சாப்பிடப் போகிறார்களா என்ன? மறுபடியும் நானும் அவரும், இரண்டு தட்டும், அந்த மௌனமும்தான்.

அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். தியானக் குழு ஒன்றை வருஷாவருஷம் மார்கழியில் இங்கே அழைத்து வருபவர். வழக்கமாகத் தங்கும் இடத்தில் கட்டட வேலை நடப்பதால் வேறு இடம் தேடுவதாகச் சொன்னார். ஐந்து அறையும் மாதம் முழுக்க வேண்டுமாம். எங்கள் பக்கத்தை மேப்பில் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பக்கத்தைப் பார்த்துவிட்டு என்றாரே, அங்கேதான் சிக்கல். ஏனென்றால் அதற்கு இரண்டு நாள் முன்புதான் எங்கள் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் ஒன்று வந்து விழுந்திருந்தது. எங்களுக்கு மொத்தமாக வந்த கருத்துகளே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் ஒன்று விழுந்தால், நாலு புள்ளி ஏழாக இருந்தது சட்டென்று நாலு புள்ளி மூன்றுக்கு இறங்கிவிடும். இறங்கிவிட்டது.

எழுதியிருந்தவர் ஆற்காட்டிலிருந்து தன் தங்கையோடு கிரிவலத்துக்கு வந்து தங்கிப்போன ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா. அவர் எழுதியிருந்ததைப் படியுங்கள்:

"பெற்ற தாய் வீட்டுக்குப் போனது போல் இருந்தது. அறை அவ்வளவு சுத்தம். குளியலறையில் வெந்நீர் கேட்காமலே வந்தது. அந்தம்மா வைத்த தக்காளித் தொக்குக்காகவே இன்னொரு முறை மலை சுற்ற வரலாம். இட்லி பூ மாதிரி. கிரிவலம் முடிந்து வந்தபோது என் காலுக்கு உப்புப் போட்ட வெந்நீர் வைத்தார். அடுத்த பௌர்ணமிக்கும் இங்கேதான்."

இதற்கு ஒரே ஒரு நட்சத்திரம். முப்பது வருஷத்துக்கு மேலாக நான் காத்திருந்த வார்த்தைகள், வந்து சேர்ந்த லட்சணம் இது. படித்துச் சந்தோஷத்தில் அழுவதா, பக்கத்திலிருக்கும் அந்த ஒற்றை மஞ்சள் புள்ளியைப் பார்த்து அழுவதா என்று தெரியாமல் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன்.

எனக்கு இதில் அனுபவம் இல்லாமல் இல்லை. போன கோடையில் திண்டுக்கல் பெரியவர் ஒருவர் இதேபோல் புகழ்ந்து எழுதிவிட்டு ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். விசாரித்ததில் அவர் கட்டைவிரல் செய்த வேலை அது. அந்த ஐந்து நட்சத்திரங்களில் எதைத் தொட்டாலும் உடனே எழுதுகிற பெட்டி திறந்துகொள்ளும். அவர் முதல் நட்சத்திரத்தைத் தொட்டிருக்கிறார், பெட்டி திறந்திருக்கிறது, எழுதி அனுப்பிவிட்டார். அதைத் திருத்தச் சொன்னபோது எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு நட்சத்திரத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். வார்த்தையில்லாத ஒற்றை நட்சத்திரம், காரணம் சொல்லாமல் கன்னத்தில் அறைந்த மாதிரி. மகன் அவரோடு போனில் பேசிப் பேசி ஒருவழியாக ஐந்தாக்கினான்.

அதற்கு நேர்மாறாகவும் ஒருவர் உண்டு. கட்டில் முதுகைக் கடிக்கிறது, நாய் விடிய விடியக் குரைக்கிறது, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று எழுதிவிட்டு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார் சென்னைக்காரர். நியாயப்படி அவரையும் கூப்பிட்டு, ஐயா நட்சத்திரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் என்னை ஏதோ வீட்டுப் பத்திரத்தை அடுப்பில் போடப் போகிறவளைப் போலப் பார்த்தார். நட்சத்திரத்தை விட்டுவிட்டு வார்த்தைக்குப் பதில் சொல்லலாம் என்று மகன் தீர்ப்புச் சொன்னான். மெத்தையை மாற்றிவிட்டோம் என்று பதில் எழுதினோம், நிஜமாகவே மாற்றினோம். நாய் யாருடையதும் இல்லை என்பதால் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

ஆகவே நர்ஸ் அம்மா விஷயத்திலும் கை தவறிய கேஸ்தான் என்று முடிவு கட்டினோம். மேப்காரர்களிடம் புகார் செய்து எடுத்துவிட முடியாதா என்று என் வீட்டுக்காரர் மகனைக் கேட்டார். அசிங்கமாகத் திட்டியிருந்தாலோ, வந்து தங்காமலே பொய்யாக எழுதியிருந்தாலோ புகார் கொடுக்கலாம், எழுத்தும் நட்சத்திரமும் ஒத்துப்போகவில்லை என்பதற்கெல்லாம் எடுக்கமாட்டார்கள் என்றான். எழுதியவர் மட்டும்தான் மாற்ற முடியும். நாம் செய்யக்கூடியது கீழே மரியாதையாக ஒரு பதில் எழுதுவது. மாற்றினால் ஒரு நாள் வாடகை இலவசம், அது இது என்று ஆசை காட்டக்கூடாது, அது விதிக்கு விரோதம் என்பதையும் அப்பாவுக்காகத் தனியாகச் சொன்னான்.

பதில் எழுதும் பொறுப்பை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் கடிதம் எழுதியே காலம் கழித்தவர். அரை மணி நேரம் யோசித்து எழுதிக் காட்டினார். "தங்கள் மேலான கருத்து கிடைக்கப்பெற்றது. பொருள்: ஒரு நட்சத்திரம் வழங்கியது தொடர்பாக. மேற்படி பொருள் குறித்துத் தங்களது விளக்கத்தை" என்று போனது. இதைப் படித்தால் அந்தம்மா வக்கீலைப் பார்க்கப் போய்விடுவார் என்று சொல்லி, போனைப் பிடுங்கி நானே எழுதினேன். நீங்கள் எழுதியதைப் படித்து மனசு நிறைந்துவிட்டது, நட்சத்திரம் மட்டும் ஒன்று என்று விழுந்திருக்கிறது, கை தவறியிருந்தால் முடிகிறபோது மாற்றிவிடுங்கள், நிஜமாகவே ஏதாவது குறை இருந்தாலும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். அவ்வளவுதான். பதில் போட்டதும் அந்தம்மா போனுக்கும் தகவல் போகும் என்றான் மகன்.

தகவல் போயிருக்க வேண்டும். மறுநாள் காலை பார்த்தால் அந்தம்மா தன் கருத்தைத் திருத்தியிருந்தார். நட்சத்திரம் அதேதான். கடைசியில் ஒரு வரி மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது:

"கை தவறவில்லை. தெரிந்துதான் போட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உப்பு வெந்நீர் வைத்த கைக்கு இதுவா மரியாதை? என் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைப் பல முறை படித்தார். படிக்கப் படிக்க மிரட்டல் மாதிரி இருக்கிறது என்றார். இனி எழுதிப் பிரயோஜனமில்லை, வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள்தான் இருந்தது. தங்கியபோது அவர் கொடுத்திருந்த நம்பரைத் தேடி எடுத்து நானே போன் போட்டேன்.

அந்தம்மா என் குரலைக் கேட்டதும் குளிர்ந்துபோனார். தொக்குக்கு நல்லெண்ணெயா கடலெண்ணெயா என்று கேட்டார். நல்லெண்ணெய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அது திருஷ்டிப் பொட்டும்மா. எல்லாமே நல்லா கீதுன்னு எழுதிட்டு அஞ்சையும் குடுத்தா, படிக்கிறவன் கண்ணு பூரா உன் வீட்டு மேலதான் விழும். உங்க சந்துல மட்டும் எத்தினி பேர் ரூம் வுடுறாங்க, அவங்க படிக்க மாட்டாங்களா?"

அவர் பிரசவ வார்டில் வேலை பார்த்தவர். குழந்தையைத் துடைத்துக் கொடுத்ததும் யாரும் பார்க்காத நேரம் கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்துவிடுவாராம். டாக்டர் திட்டுவாராம், இவர் கேட்டதில்லையாம். சுமாரான குழந்தைக்குச் சின்னப் பொட்டு, லட்சணமான குழந்தைக்குப் பெரிய பொட்டு.

"உனக்குப் பெரிய பொட்டா வச்சிருக்கேன்," என்றார்.

இதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது? ஒரு பக்கம் நெஞ்சு நெகிழ்ந்தது, இன்னொரு பக்கம் நாலு புள்ளி மூன்று கண்ணில் குத்தியது. மார்கழிக் குழுவைப் பற்றியும் டியூஷன் சென்டரைப் பற்றியும் சொன்னேன். அதெல்லாம் சரி, பொட்டை அழித்துவிட்டு நாளைக்கு மாடிப்படியில் நீ கால் தவறினால் அந்தப் பாவம் யாருக்கு என்று கேட்டார். திருஷ்டிக்கு நான் வேறு ஏதாவது கட்டிக்கொண்டால் ஆகாதா என்று கேட்டேன். வாசலில் பூசணிக்காய் கட்டச் சொன்னார். சின்னதாக இருக்கக்கூடாது, முகம் வரைந்திருக்க வேண்டும், நாக்கு வெளியே தெரிய வேண்டும், போட்டோ அனுப்ப வேண்டும். போட்டோவைப் பார்த்த பிறகு நட்சத்திரத்தை மாற்றுவதாக ஒப்புக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்குத் திருஷ்டி, சகுனம் எதிலும் நம்பிக்கை இல்லை. ராகு காலத்தில் வேண்டுமென்றே வங்கிக்குப் போகிறவர். அவரை மார்க்கெட்டுக்கு அனுப்பிப் பூசணிக்காய் வாங்கி வரச் செய்தேன். முகமும் அவர்தான் வரைய வேண்டியிருந்தது, எனக்குக் கை வராது. முணுமுணுத்துக்கொண்டே வரைந்தார். மீசை வைத்து, பல் வைத்து, நாக்கைத் தொங்கவிட்டு முடித்தபோது அது அவருடைய பழைய சங்கச் செயலாளர் சாயலில் வந்திருந்தது. அதைப் பார்த்து அவருக்கே ஒரு திருப்தி. கேட்டுக்கு மேலே கயிற்றில் கட்டினோம், போட்டோ அனுப்பினோம். மீசை எதுக்கு என்று மட்டும் அந்தம்மா கேட்டார். வியாழக்கிழமை மாலைக்குள் ஒன்று ஐந்தானது. 'கை தவறவில்லை' வரியும் போய்விட்டது. நான் கீழே எழுதியிருந்த பதிலையும் திருத்தினேன். ஐந்து நட்சத்திரத்துக்குக் கீழே ஒன்று விழுந்துவிட்டது என்ற பதில் கிடந்தால் பார்க்கிறவர்கள் எங்களுக்கு எண்ணத் தெரியாது என்று நினைப்பார்கள். மேலே இருக்கும் மொத்தக் கணக்கு உடனே மாறவில்லை. வெள்ளிக்கிழமை காலை பார்த்தபோது நாலு புள்ளி எட்டு என்று நின்றது.

நான் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு வாசலுக்கு வந்தபோது டமால் என்று ஒரு சத்தம். மலையிலிருந்து இறங்கிய குரங்குகள் கேட் மேல் ஏறிப் பூசணிக்காயைக் கயிற்றோடு பிடுங்கிவிட்டன. காய் நேராக என் வீட்டுக்காரருடைய ஸ்கூட்டர் மேல் விழுந்து, கண்ணாடியை உடைத்துக்கொண்டு தானும் உடைந்தது. குரங்குகள் உட்கார்ந்து நிதானமாகத் தின்றன. செயலாளரின் மீசை மட்டும் தோலோடு மிஞ்சியது. திருஷ்டி போய்விட்டது என்று நான் சொன்னேன். ஸ்கூட்டர் கண்ணாடிதான் போய்விட்டது என்று அவர் சொன்னார்.

பதினொரு மணி வாக்கில் கோயம்புத்தூர் அம்மா கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் வந்து நின்றார். நாங்கள் நாலு புள்ளி எட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்தம்மா அதைக் கேட்கவே இல்லை.

"அந்த ஒத்தை ஸ்டார் எங்கீங்க காணோம்?" என்றார்.

எந்தப் புது இடத்தில் தங்கப் போனாலும் கருத்துகளைக் குறைந்த நட்சத்திரத்திலிருந்து வரிசைப்படுத்தித்தான் படிப்பாராம். புகழ்கிறவர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் புகழ்கிறார்கள், திட்டுகிறவர்கள் சொல்வதில்தான் இடத்தின் லட்சணம் தெரியும் என்பது அவர் கணக்கு. செவ்வாய்க்கிழமையே எங்கள் பக்கத்தைத் திறந்து அப்படி வரிசைப்படுத்தியிருக்கிறார். இந்த இடத்தில் இருப்பதிலேயே மோசமான கருத்து எது என்று பார்த்தால், தக்காளித் தொக்கும் பூ மாதிரி இட்லியும் உப்பு வெந்நீரும். கீழே கோபப்படாமல் நான் எழுதியிருந்த பதிலையும் படித்திருக்கிறார். அப்போதே முடிவு செய்துவிட்டாராம். குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும், இந்த இடத்தின் ஒற்றை நட்சத்திரத்தைப் போய்ப் படியுங்கள், பிறகு பேசலாம் என்று சொல்லியும் விட்டார்.

இன்று காலை அவர்கள் போய்ப் பார்த்தால் அது இல்லை. குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தினால் இப்போது முதலில் வருவது, துண்டு ஈரமாக இருந்தது என்று எவரோ எழுதிய மூன்று நட்சத்திரம். இல்லாத ஒன்றைச் சொல்லி எங்களை எங்கே கூட்டிப்போகிறீர்கள் என்று கேட்கிறார்களாம்.

"நாலு பேரு வேற இடம் பாருங்கன்னு சொல்றாங்க. துண்டு ஈரம், துண்டு ஈரம்னு அதையே சொல்றாங்க. நீங்க அதைத் திருப்பிப் போடச் சொல்ல முடியுங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

நான் போனை எடுக்கவில்லை. ஒருமுறை கெஞ்சி வாங்கியதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி அதே அம்மாவிடம் மறுபடியும் கெஞ்ச எனக்கு முகமில்லை. சமையலறைக்குப் போய் முட்டைக்கோஸ் நறுக்க ஆரம்பித்தேன். டியூஷன் சென்டருக்குப் பெஞ்சு எங்கே போடுவார்கள், கரும்பலகை எந்தச் சுவரில் மாட்டுவார்கள் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. கண் கலங்கியது. முட்டைக்கோஸுக்குக் கண் கலங்காது என்று என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

கூடத்திலிருந்து அவர் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன், நின்றுகொண்டு பேசினார். மேலதிகாரியிடம் பேசும்போது மட்டும்தான் அவர் நிற்பார்.

"அம்மா, நான் வீட்டுக்காரர் பேசறேன். பூசணிக்காயைக் குரங்கு தின்னுட்டுதுங்க. ஸ்கூட்டரும் அடி வாங்கிடுச்சு. கண்ணு ஜாஸ்தியாதான் இருக்குது. நீங்க அந்த ஒரு ஸ்டாரையே திருப்பிப் போட்டுடுங்கம்மா."

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேசினார்கள். இவர் சரிங்க, சரிங்க என்றார். நான் அப்பவே சொன்னேன் என்றுதான் சொல்லியிருப்பார்கள், கேட்காமலே தெரிந்தது. பிறகு இவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கியது அவருக்குத் தெரியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ தொக்குக்குக் கண்ணு படாம இருக்குமாம்மா? நானே தினமும் கண்ணு வச்சிட்டுத்தான் சாப்பிடறேன்."

நான் சத்தம் போடாமல் முட்டைக்கோஸிடம் திரும்பிப் போனேன். அன்றைக்குப் பொரியலில் உப்புப் போட மறந்துபோனேன். அவர் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

சாயங்காலம் மகன் பெங்களூரிலிருந்து பதறிக்கொண்டு கூப்பிட்டான். நம் பக்கத்தில் மறுபடியும் ஒரு நட்சத்திரம் வந்திருக்கிறது, உடனே பாருங்கள் என்றான். பார்த்தோம். தாய் வீடு, தொக்கு, இட்லி, வெந்நீர் எல்லாம் அப்படியே இருந்தன. நட்சத்திரம் ஒன்று. கடைசியில் நர்ஸ் அம்மா புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்:

"வீட்டுக்கார ஐயா தாமே போன் செய்து கேட்டுக்கொண்டதால், மகிழ்ச்சியுடன் ஒரு நட்சத்திரம் வழங்குகிறேன்."

கோயம்புத்தூர் அம்மா அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. ஐந்து அறையும் மார்கழி முழுக்க உறுதியானது. வரும்போது எல்லோரும் சொந்தமாகத் துண்டு கொண்டுவருவார்கள் என்றும் சொன்னார். டியூஷன் சென்டர் பேச்சை மகன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

கீழே பதில் எழுத வேண்டியது மட்டும் பாக்கி. நான் போனை அவர் கையில் கொடுத்தேன். இந்த முறை அவர் யோசிக்கவே இல்லை, எழுதி அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் காட்டினார். ஒரு எழுத்துகூட நான் திருத்தவில்லை.

"தங்கள் ஒரு நட்சத்திரம் நல்ல நிலையில் கிடைக்கப்பெற்றது. நன்றி."